முதல் வலிப்பு: பக்கத்தில் நிற்பவர் அறிய வேண்டியவை

வலிப்பு வந்தவருக்குத் தமக்கு என்ன நடந்தது என்று தெரியாது. விழுந்தது, உடல் உதறியது, வாயில் நுரை வந்தது எதுவும் அவர் நினைவில் இராது. வைத்தியசாலையில் வைத்தியர் முதலில் கேட்பது, "நடந்ததைப் பார்த்தவர் யார்?" என்பதே. ஆகவே பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, விழுந்தவருக்கு மேலும் தீங்கு வராமல் காப்பது. மற்றது, கண்டதைச் சரியாகச் சொல்லும் சாட்சியாக இருப்பது. இந்தப் பாடத்தில் இவ்விரண்டையும், அதன் பின் செய்யப்படும் சோதனைகளையும் பார்ப்போம்.

பல வீடுகளில் நடப்பவற்றைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். மன்னார் முசலிப் பக்கத்தில் வயல் செய்து வந்த ஒரு குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேறி, பல இடங்களில் தங்கியபின் கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடியில் குடியேறியது. அந்த வீட்டில் இன்று பத்தொன்பது வயதான ஒரு மகன். பெலியகொடை மனிங் சந்தையில் இரவு முழுவதும் மரக்கறி மூடை இறக்குவது அவன் வேலை. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வீடு வந்து படுத்தான். ஏழரைக்கு உம்மா தேநீருக்கு எழுப்பினார். எழுந்து நின்றவன் ஒரு பெருங்குரல் எழுப்பி அப்படியே விழுந்தான்.

1. உடலுக்குள் என்ன நடக்கிறது?

நமது மூளையிலுள்ள கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் சிறிய மின்சாரத் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. சந்தையில் ஒவ்வொருவரும் தத்தம் வியாபாரத்தைப் பேசுவதுபோல, ஒவ்வொரு பகுதியும் தன் வேலையைத் தன் நேரத்தில் செய்கிறது. பெருந்தொகையான கலங்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கினால் அதுவே வலிப்பு. அந்த நேரத்தில் உணர்வும் அசைவும் மனிதனின் கட்டுப்பாட்டில் இல்லை. இதில் பேயோ செய்வினையோ இல்லை. இது தொற்றும் நோயும் அல்ல.

உடல் முழுவதையும் பிடிக்கும் பெரிய வலிப்பு பெரும்பாலும் மூன்று படிகளில் நடக்கும்.

முதற்படியில் உடல் மரக்கட்டைபோல் விறைக்கும். நெஞ்சுத் தசைகள் இறுகும்போது உள்ளிருக்கும் காற்று ஒடுங்கிய தொண்டை வழியே வெளியே தள்ளப்படும். அந்தப் பெருங்குரல் அப்படி வருவதே. அது வேதனையால் எழுந்த கூக்குரல் அல்ல. சில விநாடிகள் மூச்சு நின்று உதடு நீலம் பாரிக்கலாம். அதைப் பார்ப்பவர்கள், "உயிர் போகுது" என்று கதறுவதுண்டு.

இரண்டாம் படியில் கை கால்கள் தாளமாக உதறும். எச்சில் விழுங்கப்படாமல் நுரையாக வெளிவரும். நாக்கு பல்லில் கடிபட்டால் நுரையில் இரத்தம் கலக்கும். சிறுநீரும் போகலாம். உதறல் சிறிது சிறிதாக இடைவெளி விட்டு நிற்கும். முதலிரு படிகளும் சேர்ந்து பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே முடிந்துவிடும்.

மூன்றாம் படி களைப்பு. குறட்டைபோன்ற ஆழ்ந்த மூச்சு, பின் விழிப்பு, ஆனால் தெளிவின்மை. பெயரைக் கேட்டால் மறுமொழி வராது. சிலர் எழுந்து நடக்கப் பார்ப்பர், மறித்தால் தள்ளுவர். தெளிவு வரச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு மணித்தியாலத்திற்கு மேலும் ஆகலாம்.

2. இரும்பும் திறப்பும்

நமது மாளிகாவத்தை வீட்டிற்குத் திரும்புவோம். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து, "ராத்தா, கெதியா இரும்புத் திறப்பு ஒண்டு தாங்க, கையில வைப்பம்" என்றார். திறப்பைத் தேடி எடுத்து மகனின் கையில் திணிக்க, சிறிது நேரத்தில் உதறல் நின்றது. "இரும்பு பட்டதும் நிண்டுட்டுது" என்றனர் எல்லாரும்.

இந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. வலிப்பு தானாகவே இரண்டு நிமிடமளவில் நிற்கிறது. பதறி ஓடித் திறப்பைத் தேடி எடுக்கவும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கிறது. இரும்பு வைக்காவிட்டாலும் அதே வேளையில் வலிப்பு நின்றிருக்கும். வெங்காயம், செருப்பு முதலியவற்றை மூக்கில் பிடிப்பதும் இதுபோன்றதே.

கையில் இருக்கும் திறப்பால் பெரிய கேடில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் உதறும் கையில் இரும்பு இருந்தால் முகத்திலும் கண்ணிலும் படும். அதைவிடத் தேடும் நேரத்தில் தலை தரையில் அடிபட்டுக்கொண்டே இருக்கும். பெருங்கேடு வாயில் கரண்டியோ, துணியோ, விரலோ வைப்பதில்தான். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. அது வாயின் அடியோடு இணைந்திருக்கிறது. இறுகிய பல்லிடுக்கில் கரண்டியைத் திணித்தால் பல் உடைந்து, அந்தத் துண்டு மூச்சுக்குழாயை அடைக்கலாம். வைத்தவரின் விரலும் துண்டாகலாம். கடிபட்ட நாக்கு சில நாளில் ஆறிவிடும். உடைந்த பல் மீண்டும் வராது.

3. செய்ய வேண்டியவை

முதலாவதாக நேரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். கடிகாரமோ கைத்தொலைபேசியோ பார்த்துத் தொடக்க நேரத்தை உரக்கச் சொல்லுங்கள். மற்றவர்களும் அதை நினைவில் வைப்பர்.

இரண்டாவதாக இடத்தைப் பாதுகாப்பாக்குங்கள். அடுப்பு, சுடுநீர், கதிரை, மண்வெட்டி போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். தலையின் கீழ் மடித்த சாரமோ துவாயோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள். மூக்குக்கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். தீ, கிணறு, வீதி போன்ற ஆபத்து அருகில் இருந்தாலன்றி ஆளை இழுத்து நகர்த்த வேண்டாம். கை கால்களை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். பிடித்தால் வலிப்பு நிற்காது. தோள் மூட்டு விலகலாம், எலும்பு முறியலாம்.

மூன்றாவதாக உதறல் தணிந்தவுடன் பக்கவாட்டில் திருப்புங்கள். அதைச் செய்யும் முறை இது. அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிடுங்கள். உங்கள் பக்கமுள்ள அவரது கையை நேராக விரித்து வையுங்கள். மறுபக்கக் கையை எடுத்து, புறங்கை அவரது கன்னத்தின் கீழ் வரும்படி வையுங்கள். மறுபக்க முழங்காலை மடித்து நிமிர்த்தி, அந்த முழங்காலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். உடல் எளிதாகப் புரளும். தலையைச் சற்றுப் பின்சாய்த்து வாய் கீழ்நோக்கி இருக்கச் செய்யுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும், மூச்சுக்குழாய்க்குள் போகா. உதறல் நடக்கும்போதே வாந்தி வந்தால் காத்திராமல் இயன்ற அளவு பக்கம் சாய்த்துவிடுங்கள்.

நான்காவதாக, முழுத் தெளிவு வரும் வரை தண்ணீர், தேநீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம். மயக்க நிலையில் ஊற்றிய ஒரு மிடறு தண்ணீர் நெஞ்சுக்குள் போனால் சளிக்காய்ச்சல் வரும். தெளியும் வரை ஒருவர் கூடவே இருந்து மெதுவான குரலில் பேசிக்கொண்டிருக்கட்டும். கூட்டத்தை விலக்குங்கள். ஆடை நனைந்திருந்தால் ஒரு துணியால் மூடுங்கள்.

உதறல் நின்றபின் மூச்சைக் கட்டாயம் கவனியுங்கள். குறட்டைபோன்ற ஒழுங்கான மூச்சு நல்ல அடையாளம். மூச்சே இல்லை, அல்லது நீண்ட இடைவெளி விட்டு மீன்போல் வாய் மட்டும் திறந்து மூடுகிறது என்றால் அது இதயம் நின்றதன் அடையாளமாக இருக்கலாம். உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் பலமாகவும் விரைவாகவும் அமுக்கத் தொடங்கி, உதவிக்கு அழையுங்கள்.

4. யாரை அழைப்பது?

வாழ்க்கையில் முதன்முறை வரும் வலிப்பு எதுவானாலும், அது நின்றுவிட்டாலும், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை இப்போது எல்லா மாகாணங்களிலும் உண்டு.

வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடந்தால் அது பேராபத்து. அவ்வளவு நீண்ட வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. ஊசி மருந்து வேண்டும். ஒரு வலிப்பு முடிந்து தெளிவு வருமுன் அடுத்தது வருதல், கர்ப்பிணிக்கு வருதல், தண்ணீரில் வருதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்திருத்தல், தலையில் அடிபட்டிருத்தல், தெளிந்தபின்னும் ஒரு பக்கக் கை கால் வழங்காதிருத்தல் ஆகியவையும் அவ்வாறே.

மாளிகாவத்தையில் இருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். அங்குள்ள அரச வைத்தியசாலை சிறுநீரக நோய்க்கானது. வலிப்பு வந்த பெரியவரைக் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கும், சிறுபிள்ளையைப் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் கொண்டு செல்லுங்கள். வெளியூர்களில் அண்மையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். முச்சக்கர வண்டியில் போக நேர்ந்தால் இருக்க வைக்காமல் இயன்ற அளவு பக்கவாட்டில் சாய்த்து, வாய் அடைபடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. சாட்சி சொல்ல வேண்டியவை

சாட்சி என்ற முறையில் இவற்றை நினைவில் வையுங்கள். விழுமுன் என்ன செய்துகொண்டிருந்தார்? எழுந்து நின்றாரா, முகம் வெளிறி வியர்த்ததா? முதலில் அசைந்தது எந்தப் பக்கம்? கண்ணும் தலையும் எப்பக்கம் திரும்பின? கண் திறந்திருந்ததா? எத்தனை நிமிடம்? தெளிய எவ்வளவு நேரம்? கண் மூடிமூடித் திறப்பது, விரல் மட்டும் துடிப்பது போன்ற சிறியவற்றையும் சொல்லுங்கள். உதவிக்கு ஆட்கள் போதிய அளவு இருந்தால் ஒருவர் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கலாம். வைத்தியருக்கு அது மிகவும் உதவும். அதை வைத்தியருக்கு மட்டும் காட்டுங்கள். வேறெவருக்கும் அனுப்புவது அந்த மனிதரின் மானத்தைக் கெடுப்பதாகும்.

விழுமுன் நடந்தவையும் வேண்டும். உண்ட மருந்துகள், நீரிழிவு, அண்மைய காய்ச்சல் ஆகியவற்றைச் சொல்லுங்கள். குடிப்பவராயின் அதை மறைக்க வேண்டாம். நாள்தோறும் கசிப்போ சாராயமோ குடித்தவர் திடீரென நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். வயலில் மருந்து தெளித்தவராயின் போத்தலையோ அதன் மேலுள்ள தாளையோ கையோடு கொண்டு செல்லுங்கள். சில பூச்சிகொல்லிகள் வலிப்பை உண்டாக்கும். என்டோசல்பான் என்பது அவற்றுள் ஒன்று. இலங்கையில் 1998இல் தடை செய்யப்பட்டது. நஞ்சின் பெயர் தெரிந்தால் சிகிச்சை விரைவாகும்.

6. அதன்பின் வரும் சோதனைகள்

ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது என்று எண்ணிக்கொண்டால் குழப்பமில்லை.

"உடனே திருத்தக்கூடிய காரணம் உண்டா?" என்பது முதற்கேள்வி. விரல் நுனியில் குத்தி இரத்தத்தின் சீனி பார்க்கப்படும். சீனி மிகவும் குறைந்தாலே வலிப்பு வரும், ஏற்றினால் நிற்கும். தொடர்ந்து சோடியம் முதலிய உப்புகளுக்கு இரத்தம் எடுப்பர். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணாயின் கர்ப்பச் சோதனையும் உண்டு. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தால் முதுகில் ஊசி ஏற்றி மூளையைச் சுற்றியுள்ள நீரைச் சிறிது எடுத்துப் பார்க்கலாம். மூளைக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கவே இது. "முதுகில் ஊசி போட்டால் கால் வழங்காது" என்று பயந்து பலர் மறுக்கின்றனர். அந்த ஊசி முண்ணாண் முடியும் இடத்திற்குக் கீழேதான் போடப்படுகிறது.

"இது வலிப்புத்தானா, இதயமா?" என்பது அடுத்த கேள்வி. இதயத் துடிப்பு பிசகி மயங்கி விழுபவரும் சில விநாடி உதறலாம். ஆகவே நெஞ்சில் ஈ.சீ.ஜி. எடுப்பர். சில நிமிட வேலை; ஆனால் உயிரைக் காக்கக்கூடிய தாள் அது.

"மூளையில் காயம், இரத்தக் கசிவு, கட்டி உண்டா?" என்பதற்கு சீ.ரீ. ஸ்கான். இது விரைவாக முடியும், அவசரத்தில் உதவும். சிறிய தழும்புகளைக் காண எம்.ஆர்.ஐ. ஸ்கான் சிறந்தது. அதற்குப் பெரும்பாலும் பின்னொரு திகதி தருவர். உடலுக்குள் இரும்புத் துண்டு, ஷெல் சன்னம் இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் காந்தம் அவற்றை அசைக்கலாம். போர்ப் பகுதிகளிலிருந்து வந்தோர் இதை மறவாதீர்கள்.

"மீண்டும் வருமா, எந்த வகை?" என்பதற்கு ஈ.ஈ.ஜி. தலையில் இருபதளவு சிறு கம்பிகளைப் பசையால் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வர். மின்சாரம் உள்ளே செலுத்தப்படுவதில்லை, நோவும் இல்லை. அரை மணித்தியாலமளவில் முடியும். முதல் நாள் தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். கண்ணை மூடித் திறக்கவும், ஆழ்ந்து மூச்சு விடவும் சொல்வர். மின்னும் விளக்கையும் காட்டுவர். குறைவாக நித்திரை கொண்டு வரச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

ஈ.ஈ.ஜி. "நல்லது" என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. பதிவு செய்த அந்த அரை மணியில் பிழையான அலை எழவில்லை என்பதே பொருள். வலிப்பு நோய் உள்ள பலருக்கு முதற்பதிவில் ஒன்றும் தெரிவதில்லை. அதனால்தான் பார்த்தவரின் சாட்சி இயந்திரத்திற்கு ஈடாக மதிக்கப்படுகிறது.

7. ஒரு தேநீர்க் கோப்பை சொன்ன செய்தி

நமது இளைஞனின் இரத்தச் சீனி, ஈ.சீ.ஜி., சீ.ரீ. ஸ்கான் யாவும் நன்றாக இருந்தன. ஒரே ஒரு வலிப்பு வந்து, வேறு காரணமோ அடையாளமோ இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் உடனே மருந்து தொடங்கப்படுவதில்லை. அவர்களுள் முதல் இரண்டு ஆண்டுகளில் மீண்டும் வலிப்பு வருவோர் பாதிக்கும் குறைவானவரே. ஒரு வலிப்பு வந்ததாலேயே ஒருவர் வலிப்பு நோயாளி ஆகிவிடுவதுமில்லை.

ஆனால் வைத்தியர் உம்மாவிடம் இன்னொன்று கேட்டார்: "காலையில் எழும்பினவுடன கை திடீரெண்டு வெட்டி இழுக்கிறதா? சாமான் கீழ விழுறதா?" உம்மா யோசித்துச் சொன்னார்: "ஓம் டொக்டர். ரெண்டு வருஷமா அப்பப்ப தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டு உடைக்கிறான். கவனமில்லை எண்டு வாப்பா ஏசுவார்."

அந்தக் கோப்பை விழுந்தது கவனக்குறைவால் அல்ல. பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோயில், விழித்தெழுந்த சிறிது நேரத்தில், உணர்வு நன்றாக இருக்கும்போதே கைகள் மின்னல்போல் ஒருமுறை வெட்டும். நித்திரை குறைந்த நாட்களில் அது கூடும். இரவு வேலை அவனுக்கு அதைத்தான் செய்தது. ஆகவே அன்று வந்தது முதற் பெரிய வலிப்பே ஆனாலும், நோய் இரண்டு ஆண்டுகளாக இருந்திருக்கிறது. பின்னர் எடுத்த ஈ.ஈ.ஜி.யும் அதற்குப் பொருந்தியது. வைத்தியர் மருந்து தொடங்கினார். இரவு வேலையை விடவும் சொன்னார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலிப்பு மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. ஒரு வகைக்கு நல்லதான மருந்து இந்த வகையைக் கூட்டிவிடலாம். சில மருந்துகள் கருவிலுள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்யும். ஆகவே அயலவரின் மாத்திரையை வாங்கிக் கொடுக்கக்கூடாது. தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. திடீரென நிறுத்தினால் நீண்ட வலிப்பு வரலாம்.

சோதனைகள் முடிந்து வைத்தியர் சொல்லும் வரை வாகனமோ உழவு இயந்திரமோ ஓட்டாமலும், மரம் ஏறாமலும், தனியே கிணற்றிலோ குளத்திலோ குளிக்காமலும் இருக்க வேண்டும். வாளியில் அள்ளிக் குளிக்கலாம். கதவைத் தாழிட வேண்டாம். பெண்கள் திறந்த அடுப்பில் தனியே சமைப்பதைத் தவிர்ப்பது நன்று. இவை தவிர வேலைக்கும் பாடசாலைக்கும் போவதற்குத் தடையில்லை.

குழுவில் கலந்து பேச

1. ஒருவரைத் தரையில் படுக்க வைத்து, மூன்றாம் பகுதியில் சொன்னபடி பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொருவரும் செய்து பழகுங்கள்.

2. உங்கள் ஊரில் வலிப்பு வந்தவருக்குச் செய்யப்படுபவை எவை? அவற்றில் எதை விட வேண்டும், ஏன்?

3. உங்கள் இருப்பிடத்திலிருந்து இரவு நேரத்தில் அண்மைய வைத்தியசாலைக்குப் போகும் வழி எது? 1990க்கு அழைக்கும்போது இடத்தை எப்படி விளங்கச் சொல்வீர்கள்?

4. "கவனமில்லாத பிள்ளை" என்று நாம் ஏசிய எவரிடமாவது மேலே கண்ட அடையாளம் உண்டா? இருந்தால் அவரை எப்போது கிளினிக்குக்கு அழைத்துச் செல்லப் போகிறீர்கள்?